ஐந்து நிமிட விதி

என் அத்தானுக்கு ஞாபகமறதி கிடையாது. இது எனக்கு ஒரு வியாழக்கிழமை மதியமே தெரிந்துவிட்டது. அவரிடம் சொன்னது திங்கட்கிழமை காலையில். நடுவில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் வேலை நெருக்கடி, சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். நான் நன்றாகச் சமாளிப்பேன். அதுதான் என் கோளாறே.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஒரு குளிர்பதனக் கிடங்கில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறார். ஐந்து பெரிய அறைகள், ஒவ்வொன்றும் மைனஸ் இருபது டிகிரி. மீன், ஐஸ்கிரீம், உறைந்த பட்டாணி எல்லாம் அட்டைப்பெட்டியில் கூரைவரை அடுக்கியிருக்கும். சுவர்கள் ஒரு முழம் கனம், உள்ளும் புறமும் தகடு. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனால் ஃபோனில் ஒரு கோடு சிக்னல்கூடக் கிடைக்காது. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போதே நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். நான் அப்போதுதான் கம்பெனி வேலையை உதறிவிட்டு, வீட்டின் முன்னறையில் மேஜையைப் போட்டு, தனியாக ஆப் செய்து கொடுக்கிறேன் என்று கிளம்பியிருந்தேன். ஒரு ஈ காக்கை வரவில்லை. அத்தான் தன் மேனேஜரிடம் போய், என் கொழுந்தியா மகா மூளைக்காரி, ஷிஃப்ட் ஆட்கள் பேசிக்கொள்ள அவளே ஒரு ஆப் செய்து தருவாள் என்று அளந்துவிட்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். பாப்பாவுக்கு முதல் வாடிக்கையாளர் கிடைத்தார்.

ஆப் சின்னது. அறைக்கு ஒரு குழு, ஆட்கள் எழுதுவார்கள், மெக்கானிக்கும் மேனேஜரும் படிப்பார்கள். எல்லாச் செய்தியும் கூகுளின் இணையத் தரவுக் கிடங்கான ஃபயர்ஸ்டோரில் சேரும். ஃபயர்ஸ்டோரில் லிசனர் என்று ஒன்று உண்டு. ஒரு குழுவைக் காட்டி இதைப் பார்த்துக்கொண்டிரு என்று ஒருமுறை சொல்லி வைத்தால் போதும், அதில் எது மாறினாலும் அதுவே வந்து சொல்லிவிடும். நாம் எழுதியதையும் சொல்லும். அதுவும் சர்வர்வரை போய்வரக் காத்திருக்காமல் உடனே சொல்லும், ‘இது இன்னும் போய்ச் சேரவில்லை’ என்று பக்கத்தில் ஒரு குறிப்போடு. சிக்னல் இல்லாவிட்டால் செய்தி ஃபோனிலேயே வரிசையில் நிற்கும், சிக்னல் வந்ததும் கிளம்பும். கிடங்குக்கென்றே பிறந்தது போல இருக்கிறதே என்று நான் மகிழ்ந்து போனேன்.

அந்தக் குறிப்பை வைத்து முதலில் ஒரு சின்னக் கடிகாரப் படம் போட்டிருந்தேன். செய்தி சர்வருக்குப் போகும்வரை கடிகாரம், போனதும் ஒரு டிக். முதல் வாரமே புகார். உள்ளே நிற்பவர்களுக்குக் கடிகாரம் மாறவே மாறாது, அவர்கள் கடுப்பாகி அதே செய்தியை நாலு தரம் தட்டுவார்கள், வெளியே வந்ததும் நாலும் போய் மேனேஜர் தலையில் விழும். மேனேஜர் கூப்பிட்டுச் சலித்துக்கொண்டார். நான் கடிகாரத்தை எடுத்துவிட்டேன். செய்தி திரையில் வந்தவுடனே டிக். எல்லோருக்கும் நிம்மதி. அந்த டிக்குக்கு ‘அனுப்பிவிட்டேன்’ என்று அர்த்தம் இல்லை, ‘எழுதிவிட்டேன்’ என்றுதான் அர்த்தம். இது எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் சீக்கிரம் மறந்துவிட்டேன்.

அடுத்த தவறுக்குக் காரணம் டமாரம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், அவர் பேசினால் ஐந்து அறைக்கும் கேட்கும், அதனால் அந்தப் பெயர். ஒன்றை ஒன்பதாகச் சொல்வார். ஒருநாள் காலையில் எழுத வேண்டிய சரக்குக் கணக்கை மறந்துவிட்டு, ஃபோன் கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைத்து, மத்தியானம் எழுதியதைக் காலை எழுதியதாகக் காட்டியிருந்தார். செய்தியில் வரும் நேரத்தை நான் ஃபோனிலிருந்துதான் எடுத்திருந்தேன், ஏனென்றால் உள்ளே இருப்பவர் எப்போது பார்த்தார் என்பதுதான் முக்கியம், எப்போது வெளியே வந்தார் என்பதல்ல. மேனேஜர் இனி இந்தத் தில்லுமுல்லு நடக்கக் கூடாது என்றார். ஒரு வரியில் முடித்துவிடலாம் சார் என்றேன்.

ஒரு வரிதான். எதை ஏற்கலாம், எதை மறுக்கலாம் என்று சொல்லிவைக்கும் ஃபயர்ஸ்டோர் ரூல்ஸில், செய்தியில் உள்ள நேரம் சர்வரின் நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் முந்தியிருந்தால் ஏற்காதே என்று எழுதினேன். ஏன் ஐந்து? சும்மா வாயில் வந்தது. ஃபோனைக் கையில் எடுத்து, ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஒரு செய்தி எழுதி, டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, மோடை எடுத்தேன். செய்தி ஜம்மென்று போய்ச் சேர்ந்தது. ஆஃப்லைன் சோதனை முடிந்தது என்று குறித்துக்கொண்டேன். மொத்தம் ஒரு நிமிடம். அறைக்குள் ஒரு மணி நேரம் நிற்பவர்களுக்கு ஆப் செய்துவிட்டு, ஒரு வாய் டீ குடிக்கும் நேரத்தில் சோதித்த மகா மூளைக்காரி நான்.

ரூல்ஸை ஃபோன் பார்க்காது. அது சர்வரில்தான் ஓடும், செய்தி எழுதும்போது அல்ல, வந்து சேரும்போது. நான் இதைப் படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு அத்தான் மூன்றாம் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, குளிர்காற்று தள்ளும் விசிறி நின்று போனதைப் பார்த்தார். கையுறையைக் கழற்றி ஃபோனில் எழுதினார். டிக் வந்தது. ஃபோனைப் பையில் போட்டுவிட்டு ஷிஃப்ட் முடியும்வரை, இன்னும் இருபது நிமிடம், உள்ளேயே வேலை செய்தார். எதையும் வாய்வார்த்தையாகச் சொல்லக் கூடாது, குழுவில் எழுத வேண்டும் என்பது மேனேஜரின் கண்டிப்பு. அத்தான் கண்டிப்புக்கு மாறாக நடப்பவர் அல்ல. வெளியே வந்து, மேல்கோட்டைத் தொங்கவிட்டு, வீட்டுக்குப் போனார்.

மெக்கானிக் வரவில்லை. வெளியே உள்ள வெப்பமானி ஏறியதை அடுத்த ஷிஃப்டில் பார்த்தவர்கள், குழாயில் படிந்த பனியை எந்திரம் தானாக உருக்கும் நேரமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அப்படி ஏதாவது என்றால் குழுவில் வந்திருக்குமே. மறுநாள் காலை கதவைத் திறந்தபோது ஐஸ்கிரீம் பெட்டிகள் அடியில் நசுங்கி, தரையெல்லாம் வழிந்து, மீன் ஒரு பக்கம் இளகிப் போயிருந்தது.

மேனேஜர் என்னை வரச் சொன்னார். அவர் அறையில் அத்தான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், மெக்கானிக் சுவரில் சாய்ந்திருந்தார். அத்தான் தன் ஃபோனைத் திறந்து மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார். அவர் எழுதியது அவர் ஃபோனிலும் இல்லை. நான் மடிக்கணினியைத் திறந்து, மூன்றாம் அறைக் குழுவில் செவ்வாய்க்கிழமை முழுவதையும் பார்த்தேன். அவர் பெயரில் காலையில் இரண்டு செய்தி, பிறகு ஒன்றுமில்லை.

“எழுதியிருந்தா இங்க இருக்கும் சார்,” என்றேன். “எழுதினது காணாமப் போறதுக்கு வழியே இல்ல.”

இந்த வாக்கியத்தை நான் எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் என்பது இன்றும் காதில் இருக்கிறது. சொந்தக்காரர் என்று பார்க்காமல் உள்ளதைச் சொல்கிறேன் என்ற பெருமைகூட அதில் கொஞ்சம் இருந்தது. அத்தான் என்னைப் பார்த்தார். கோபமில்லை. வீட்டுச் சாவியைத் தேடுகிறவர் முகம் மாதிரி இருந்தது.

“எழுதினேன்னுதான் நெனச்சேன்,” என்றார். “டிக்கு கூடப் பாத்த மாதிரி இருந்துச்சு.”

வரும் திங்கள் விட்டு அதற்கு அடுத்த திங்கட்கிழமை முதலாளியிடம் பேசி முடிவு சொல்வதாகவும், அதுவரை அத்தான் வேலைக்கு வர வேண்டாம் என்றும் மேனேஜர் சொன்னார். குழுவிலிருந்தும் எடுத்துவிடச் சொன்னார். உறுப்பினர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் படிக்க முடியும் என்பது நான் எழுதிய இன்னொரு விதி. அவர் பெயரை அங்கேயே, அவர் நிற்கும்போதே, என் கையால் எடுத்தேன். அதற்குப் பிறகு அவர் ஆப்பைத் திறந்தால் லிசனரை சர்வர் திருப்பி அனுப்பிவிடும். பழைய செய்திகள் ஃபோனில் சேமித்தபடி தெரியும், புதிதாக ஒன்றும் வராது. அவர் ஃபோனில் குழு அந்தப் புதன்கிழமையோடு நின்றுவிட்டது. அதையே தினமும் திறந்து, தான் எழுதியது எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறார் என்று அக்கா சொன்னாள்.

அத்தானின் அப்பா ஐம்பத்தெட்டு வயதில் மறக்க ஆரம்பித்தவர். முதலில் சாவி, பிறகு தெரு, கடைசியில் மகன். அத்தானுக்கு இப்போது ஐம்பத்தொன்று. எங்கள் வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் அவர் எதையாவது மறந்தால் அக்காவின் கை ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் வேலையைத் தொடரும்.

எட்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, டமாரம் ஃபோன் செய்தார். எடுத்தவுடனே காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். நான்காம் அறைக்குள் ஒரு செய்தி எழுதினாராம், டிக் வந்ததாம், கொஞ்ச நேரம் கழித்து ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்தாராம்.

“கண்ணு முன்னாடி மாயமாப் போச்சும்மா. யாரோ உள்ளேருந்து உருவின மாதிரி.”

மேனேஜரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னாராம். நீ சொல்வதில் பத்தில் ஒன்றைத்தான் நம்ப வேண்டும் என்று மேனேஜர் சிரித்தாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவ்வளவு நேரம் உள்ளே இருந்தீர்கள் என்றேன். கால் மணி என்றார். கூட்டிக் கழித்தாலும் ஐந்துக்கு மேல்.

ஃபோனை வைத்துவிட்டு, சோதனைக்கு வைத்திருந்த இன்னொரு ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போட்டேன். ‘மூணாம் ரூம் விசிறி நின்னுருச்சு’ என்று எழுதினேன். ஏன் அதையே எழுதினேன் என்று தெரியவில்லை. டிக் வந்தது. இந்த முறை டீ குடிக்கவில்லை. ஆறு நிமிடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மோடை எடுத்தேன். ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் செய்தி போய்விட்டது, சர்வருக்கு அல்ல. திரையிலிருந்து.

சர்வர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நான் எழுதிய விதியைப் படித்தது, நேரம் பழையது என்று மறுத்தது. மறுத்ததும் ஃபோன் தன்னிடம் வைத்திருந்ததையும் கைவிட்டது, லிசனர் வந்து இப்போது அந்தச் செய்தி இல்லை என்று நேர்மையாகச் சொன்னது. அப்படி மறுத்தால் எழுதியவருக்குத் தெரிவிக்க ஒரு வரி போட வேண்டும். அதை நான் போடவில்லை. எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தார்கள், என்னைத் தவிர.

மறுக்கப்பட்ட செய்தியின் வாசகம் எங்கும் மிஞ்சாது. ஆனால் ரூல்ஸ் பக்கத்தில் எத்தனை கோரிக்கை ஏற்கப்பட்டது, எத்தனை மறுக்கப்பட்டது என்று ஒரு வரைபடம் இருக்கும். நான் அதை ஒருநாளும் திறந்ததில்லை. திறந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை, மூன்றரை மணி வாக்கில், ஒரே ஒரு மறுப்பு. அவர் கதவைத் திறந்து வெளியே வந்த நேரம்.

அதற்கு முன்னும் பின்னும் இருந்தவற்றை எண்ணினேன். மொத்தம் முப்பத்தொன்று. மற்ற முப்பதில் யார் என்ன சொல்ல வந்தார்கள் என்பது இனி யாருக்கும் தெரியாது.

அப்போதே அத்தானைக் கூப்பிட்டிருக்கலாம். ஃபோனைக் கையில் எடுக்கவும் செய்தேன். பிறகு ‘முதலில் சரிசெய்துவிட்டுச் சொல்வோம்’ என்று நினைத்தேன், அது எவ்வளவு பொறுப்பானதாகத் தோன்றியது தெரியுமா. அடுத்த வாரம் இன்னொரு கம்பெனி ஆப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் விசாரிக்கப் போவது இந்த மேனேஜரிடம்தான். இதை நான் நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், நினைத்தேன்.

சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிட்டேன். ஃபோனின் நேரம் திரையில் காட்டுவதற்கு மட்டும், வந்து சேர்ந்த நேரத்தை சர்வரே போட்டுக்கொள்ளும், விதி அதை மட்டும்தான் பார்க்கும். ஒருநாள் முழுக்க உள்ளே இருந்த செய்தியும் இனி போய்ச் சேரும். எழுதிய நேரத்துக்கும் சேர்ந்த நேரத்துக்கும் இடைவெளி அதிகம் என்றால் மேனேஜர் இரண்டையும் பார்த்துத் தானே முடிவு செய்துகொள்ளட்டும். கடிகாரப் படத்தைத் திரும்பக் கொண்டு வந்தேன். மறுக்கப்பட்டால் சிவப்பில் ‘போகவில்லை’ என்று நிற்கும். அரைப் பகல் வேலை. செய்ய வேண்டிய நாளில் செய்திருந்தால் ஒரு மணி நேரம்.

டமாரத்துக்கு, சரிசெய்துவிட்டேன், புது ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் மெதுவான குரலில் கேட்டார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

“அப்ப உங்க அத்தான் போட்டதும் இப்படித்தான் போயிருக்குமோ?”

“அது வேற, இது வேற,” என்றேன்.

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா கூப்பிட்டாள். டாக்டரிடம் போய்விட்டு வந்திருக்கிறார்கள். அவரைக் கடிகாரம் வரையச் சொன்னார்களாம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார்களாம். பயத்தில் அறுபத்தைந்தோடு தடுமாறிவிட்டார். இன்னும் சில சோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். “ராத்திரியெல்லாம் முழிச்சிட்டு அறுபத்தஞ்சுலேருந்து சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்காருடி,” என்றாள் அக்கா. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அழாதே அக்கா என்றேன். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

சனிக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். கதவைத் திறந்ததும் வாசல் பூட்டின் மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: ‘பூட்டியாச்சா?’ அடுப்புக்கு மேல் இன்னொன்று, ‘கேஸ்’. அத்தானின் எழுத்து, கொட்டை கொட்டையாக. சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டும் பென்சிலும் வைத்திருந்தார். நான் உள்ளே வந்ததும் அதில் ஏதோ குறித்துக்கொண்டார்.

சாப்பாட்டின் நடுவே, அக்கா உள்ளே போன சமயம், அவர் குரலைத் தாழ்த்தினார். கிடங்கில் மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாராம், மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வெளியே அனுப்பாமல் வாசலில் ரசீது பார்க்கும் வேலைக்கு மாற்றலாம் என்று. திங்கட்கிழமை எழுதிக் கொடுக்கப் போகிறார்.

“அதுக்கு முன்னாடி நீ ஒரு தடவ மறுபடி பாத்துட்டுச் சொல்றியா பாப்பா? இருந்தா இருக்கு, இல்லைனா இல்ல. நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்.”

வாயில் சோறு இருந்தது. அது ஒரு சாக்கு. விழுங்கிய பிறகு சாக்கு இல்லை.

“பாக்குறேன் அத்தான்,” என்றேன்.

இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று என் தட்டை அவர் பக்கம் இழுத்துத் தானே பரிமாறினார். சாப்பிட்டேன். அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பழைய ஆப்பையும் பழைய ரூல்ஸையும் ஒரு சோதனை புராஜெக்டில் போட்டேன். பழைய விதிகளை ஃபயர்ஸ்டோர் தேதியோடு சேமித்து வைத்திருக்கிறது, நான் மாற்றியதை நானே மறைத்துவிட முடியாது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. என்னை யாராவது பிடித்துத் தள்ளினால்தான் நான் நகர்வேன் போல.

திங்கட்கிழமை காலை மேனேஜர் அறைக்குள் நான் போனபோது அத்தான் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, மடித்த காகிதம் முன்னால். பேனா மூடி திறந்திருந்தது. அதில் கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். என் ஆப்பில் தப்பு, அத்தான் மேல் தப்பில்லை என்றேன். மேனேஜர் நெற்றியைச் சுருக்கினார். சொந்தக்காரரைக் காப்பாற்ற வந்துவிட்டாள் என்று நினைக்கிறார் என்று புரிந்தது. போன தடவை நான் தவறாகச் சொன்னதை உடனே நம்பியவர்கள் இந்த உண்மைக்குச் சாட்சி கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான்.

எல்லோரும் மூன்றாம் அறை வாசலுக்குப் போனோம். மேனேஜர், மெக்கானிக், அத்தான், தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு டமாரம். பழைய ஆப்பைப் போட்ட சோதனை ஃபோனை மேனேஜரிடமே கொடுத்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எதையாவது எழுதச் சொன்னேன். அவர் எழுதி, டிக் வந்ததைப் பார்த்துவிட்டு, ஃபோனை உள்ளே பெட்டி மேல் வைத்துவிட்டு வந்தார். கதவைச் சாத்தினோம்.

ஏழு நிமிடம் நின்றோம். டமாரம் மெல்ல நடந்து பக்கத்தில் வந்துவிட்டார். அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் ஏதோ எழுதினார். நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஐஸ்கிரீம் வழிந்த இடத்தில் இன்னும் லேசாகப் பிசுபிசுப்பு இருந்தது.

மேனேஜர் உள்ளே போய் ஃபோனை எடுத்தார். செய்தி இருந்தது, டிக்கோடு. அதைப் பார்த்துக்கொண்டே வாசலைத் தாண்டினார். நாங்கள் எல்லோரும் அவர் கையைச் சூழ்ந்துகொண்டோம். சிக்னல் கோடு ஒன்று ஏறியது, இரண்டு ஏறியது. செய்தி போய்விட்டது. அவர் திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். பன்னிரண்டு நாளாக அத்தான் தள்ளிய அதே மாதிரி.

“நான் சொன்னேன்ல?” என்றார் டமாரம்.

அத்தான் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

“அப்ப நான் போட்டிருக்கேன்,” என்றார். பிறகு, எங்களிடம் அல்ல, தனக்கே சொல்லிக்கொள்வது போல, “டிக்கு பாத்தேன்னு சொன்னேனே,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மேனேஜர் அவர் தோளைத் தட்டி, நாளைக்கே வேலைக்கு வாருங்கள், முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். மடித்த காகிதத்தைத் தானே கிழித்தார். என்னைப் பார்த்து, நீங்கள் கொஞ்சம் இருங்கள், பேச வேண்டும் என்றார். இருந்தேன். அவர் பேசியது எல்லாம் நியாயம்.

முடிந்து வெளியே வந்தபோது அத்தான் கேட்டுக்குப் பக்கத்தில் எனக்காகக் காத்திருந்தார். அக்காவிடம் சொல்லிவிட்டாராம், அவள் அழுகிறாளாம். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன், வியாழக்கிழமையே எனக்குத் தெரியும் அத்தான் என்று. டமாரம் ஃபோன் செய்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகவும் இருந்தேன்.

அவர் திட்டவில்லை. வியாழன், வெள்ளி என்று விரல் விட்டு எண்ணினார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கங்களைத் திருப்பி, ஒரு இடத்தில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார். சனிக்கிழமை, ஒன்று இருபது. ‘பாப்பா வந்தா. மறுபடி பாக்கச் சொன்னேன். பாக்குறேன்னு சொன்னா.’

“இது சரியா எழுதியிருக்கேனா?” என்று கேட்டார். குத்திக்காட்டக் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற ஆள் இல்லை அவர். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். “நீ அப்படித்தானே சொன்ன? எனக்கு அப்படித்தான் ஞாபகம்.”

“சரிதான் அத்தான்,” என்றேன். “அப்படித்தான் சொன்னேன்.”

அவர் தலையசைத்து, பென்சிலை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டுக்கொண்டார்.